ஒற்றைக்கொம்பு, பானா, கால், னானா

"காரைக்குடிப் பக்கத்துச் சிறுகதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். சென்னையிலிருந்து ரயிலில் வரும் ஒரு பெண்ணும், பக்கத்து சீட்டுப் பெரியவரும் முன்பின் தெரியாதவர்கள். அவள் போனில் இருக்கும் பழைய கடிதத்தின் படத்தைச் சேர்ந்து படிக்கிறார்கள். ஒரே ஒரு சொல்லில் மட்டும் ஒத்துப்போகவில்லை. அது என்ன சொல்லாக இருந்தால் நம்பும்படி இருக்கும்? கடைசியில் யார் சொன்னது சரி என்று காட்டத்தான் வேண்டுமா?"

என்னைக் கேட்டால் அந்தச் சொல்லில் நான்கே நான்கு வடிவங்கள் இருக்க வேண்டும். ஒரு ஒற்றைக்கொம்பு, ஒரு ப, ஒரு கால், ஒரு ரெண்டு சுழி ன. புள்ளி எதுவும் கிடையாது. அதை "பொன்" என்றும் படிக்கலாம், "போன" என்றும் படிக்கலாம். தங்கமா, சாவா என்பதே அதில் அடங்கிவிடும். எழுதியவர் கையெழுத்து மோசம் என்று சாக்குச் சொல்ல வேண்டியதில்லை. முத்து முத்தாக எழுதியிருந்தாலும் இந்தச் சந்தேகம் அப்படியே நிற்கும். அதனால்தான் இதைச் சொல்கிறேன். தண்ணீர் பட்டு அழிந்த சொல், கரையான் தின்ற சொல் என்று வைத்தால் சண்டை காகிதத்தோடு நின்றுவிடும், எழுத்துக்குள் போகாது.

என் அப்பா தேவகோட்டையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவரிடம் கற்றதை வைத்து இருபது வருஷத்துக்கும் மேலாகப் பழைய கடிதங்களையும் பேரேடுகளையும் படித்துச் சொல்லி வருகிறேன். பெரும்பாலும் பெரிய வீடுகளைப் பாகம் பிரிக்கும்போது கூப்பிடுவார்கள். இப்போது யாரும் வீட்டுக்கு அழைப்பதுகூட இல்லை, வாட்ஸப்பில் படம் வந்துவிடுகிறது. நான் கல்வெட்டு படித்தவன் இல்லை. ஓலை தெரியும் என்று சொல்லிக்கொள்ளவும் மாட்டேன். ரங்கூன், பினாங்கு, கொழும்பிலிருந்து செட்டிநாட்டுக்கு வந்த காகிதக் கடிதங்கள், கடைக் கணக்குகள், மொய் ஏடுகள், இவ்வளவுதான் எனக்குப் பழக்கம்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். பழைய கையெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதை விட்டுவிடுவார்கள். ஓலையில் எழுத்தாணியால் குத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்ற பயம்தான் காரணம் என்பார்கள். அந்த வழக்கம் காகிதம் வந்த பிறகும் கையை விட்டுப் போகவில்லை. அடுத்தது கொம்பு. குறிலுக்கு ஒற்றைக்கொம்பு, நெடிலுக்கு இரட்டைக்கொம்பு என்ற பிரிவு நமக்கு முதல் வகுப்புப் பாடம். ஆனால் தொல்காப்பியம் சொல்வதோ, எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி வைத்தால் குறில் என்று. அந்தப் புள்ளியும் எழுத்தில் விழுந்துவிட்டதால் குறிலும் நெடிலும் ஒரே உருவமாக நின்றன. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த மாற்றத்தால் அச்சில் தெளிவு வந்தது. கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர்களின் கைக்கு அது வந்து சேர ரொம்ப நாள் ஆனது. மூன்றாவது, கால். பழைய கையெழுத்தில் ரகரமும் துணைக்காலும் ஒன்றேதான். ரகரத்தின் அடியில் நாம் இழுக்கும் சாய்கோடு அதில் இருக்காது. இந்த மூன்றாவது விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன், பின்னால் சொல்கிறேன்.

உறுதி இல்லாத இடமும் உண்டு. எல்லாரும் இப்படித்தான் எழுதினார்கள் என்று சொல்ல முடியாது. 1930 வாக்கில் பள்ளிக்கூடத்தில் அச்சுப் புத்தகம் வைத்துப் படித்தவர்கள் புள்ளியும் இரட்டைக்கொம்பும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரல் வைத்து எழுதிப் பழகி, பன்னிரண்டு பதிமூன்று வயதில் பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறியவர்கள் போடமாட்டார்கள். இன்னொரு ரகமும் உண்டு, அதுதான் பெரிய தலைவலி. நினைத்தால் போடுவார், மறந்தால் விடுவார். ஆகவே உங்கள் கடிதத்தை எழுதுகிறவருக்கு 1931ல் நாற்பது வயதாவது இருக்கட்டும். கடிதம் முழுக்க ஒரு இரட்டைக்கொம்புகூட இருக்கக் கூடாது. "போய்" என்பதற்கும் அவர் ஒற்றைக்கொம்புதான் போட்டிருக்கிறார் என்பதை மூன்றாவது வரியிலேயே பெண் கண்டுபிடிக்கட்டும். கடிதம் படிக்கிறவர்கள் முதலில் செய்வது இதைத்தான். சந்தேகமான சொல்லை விட்டுவிட்டு, சந்தேகமே இல்லாத இடங்களில் இந்தக் கை எப்படி எழுதுகிறது என்று பார்ப்பார்கள்.

சரி, கடிதத்துக்கு வருவோம். ரங்கூன் மொகல் தெருக் கடையிலிருந்து தம்பி, ஊரில் இருக்கும் அண்ணனுக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்கிறேன். மேலே பிள்ளையார் சுழி, சிவமயம். பிறகு "பிரசொறபததி ௵ ஐபபசி ௴ ௧௮ ௳". அந்த மூன்று குறிகளும் வருஷம், மாதம், நாள். நடுவில் இந்த ஒரு வரி வரட்டும்:

"ஆததா பொன வகையில தாஙகள எழுதின ௹ ௩௱௰ம ௸ கணககில ௶ வைததிருககுது."

புள்ளி வைத்து எழுதினால்: ஆத்தா (அந்தச் சொல்) வகையில் தாங்கள் எழுதின ரூபாய் 310ம் மேற்படி கணக்கில் பற்று வைத்திருக்குது. ஆத்தா என்றால் செட்டிநாட்டில் அம்மா என்பதை உள்ளூர் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரருக்குக் கதையில் எங்காவது தெரியும்படி செய்துவிடுங்கள். "வகை" என்பது கணக்கில் தலைப்பு. கல்யாண வகை, வீட்டுச் செலவு வகை, கோயில் வகை என்று வரும். ஆக, ஆத்தாவின் பொன் விஷயமாக 310 ரூபாய், அல்லது ஆத்தா போன விஷயமாக 310 ரூபாய். இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

பிரசோற்பத்தியை நான் சும்மா எடுக்கவில்லை. அது 1931 ஏப்ரலில் பிறந்த வருஷம். அறுபது வருஷச் சுற்று என்பதால் 1871ஆகவும் இருக்கலாம் என்று பெரியவர் ஒரு பேச்சுக்குச் சொல்லட்டும். கடிதத் தலைப்பில் டெலிபோன் நம்பர் அச்சாகியிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பர்மாவில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய விவசாயி திருப்பித் தர முடியாமல், செட்டியார்கள் கையில் பணத்துக்குப் பதில் வயல் வந்து சேர்ந்த காலம் அது. அதே 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தன் ஸ்டெர்லிங் பணத்தைத் தங்கத்தோடு கட்டி வைத்திருந்ததை விட்டது. ரூபாய் ஸ்டெர்லிங்கோடு கட்டப்பட்டிருந்ததால் இங்கே தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. 13 ரூபாய் சொச்சத்தில் இருந்த பவுன் மேலே போக, கஷ்டத்தில் இருந்தவர்கள் நகையைக் கொண்டுவந்து விற்றார்கள், இந்தியாவிலிருந்து தங்கம் கப்பல் கப்பலாக வெளியே போனது. பழைய விலையில் 310 ரூபாய் என்பது 23 பவுன். ஏறின விலையில் இன்னும் இரண்டு மூன்று குறையும். ஒரு ஆச்சியின் கழுத்திலிருந்தும் பெட்டியிலிருந்தும் அது வந்திருக்கலாம் என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஐப்பசி 18 என்பது நவம்பர் தொடக்கம். விலை ஏறிய சேதி ஊருக்கு வந்து, அண்ணன் விற்று, ரங்கூனுக்கு எழுதி, தம்பி பதில் போட அந்த ஆறேழு வாரம் போதும். அதே ஆறேழு வாரத்தில் வயதான ஆத்தா ஒருத்தி இறந்துபோவதற்கும் தடை ஒன்றும் இல்லை.

ரயில் பல்லவன்தானே? பிற்பகலில் எழும்பூரில் கிளம்பி, திருச்சி தாண்டும்போது நன்றாக இருட்டியிருக்கும். ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லாத நேரம், பக்கத்து சீட்டுக்காரர் போனை எட்டிப் பார்ப்பார். பெரியவரை நகரத்தார் ஆக்காதீர்கள், பழைய கணக்குப்பிள்ளையாக வையுங்கள். பெண் செட்டியார் வீட்டுப் பெண் என்று தெரிந்ததும், இருபத்தைந்து வயதுதான் என்றாலும் அவர் வாயில் "ஆச்சி"தான் வரும். பெண்ணுக்கு ஆடிட்டர் ஆபீசில் வேலை கொடுங்கள். ஏன் என்று இப்போது தெரியும்.

பெரியவர் முதலில் கேட்பது "என்ன விலாசம்?" என்பதாக இருக்கும். அவர் கேட்பது கடையின் விலாசம்; தாத்தா, அப்பா, பிள்ளை பெயர்களின் முதலெழுத்துகள் வரிசையாக வருமே, அது. அவள் அண்ணா நகர் வீட்டு முகவரியைச் சொல்லத் தொடங்குவாள். பிறகு இப்படிப் போகலாம்:

"இது பொன்னு இல்ல ஆச்சி. போன. ஆத்தா போன வகை. அந்தக் கேதச் செலவு."

"பொன்னுன்னுதானே இருக்கு? எங்க ஆயா சொல்லும், அந்தப் பொன்னைப் பெரிய வீட்டுக்காரங்க தின்னுட்டாங்கன்னு."

"கணக்குல பொன்னுன்னு எழுத மாட்டாக. நகைன்னுதான் எழுதுவாக."

"அம்மா செத்துப்போனதை யாராவது 'போன'ன்னு எழுதுவாங்களா? சிவபதவி, காலமானதுன்னு எழுத மாட்டாங்களா?"

"முதக் கடுதாசில எழுதுவாக. மூணாவது கடுதாசில கணக்கு மட்டுந்தான் இருக்கும்."

இதில் இருவர் சொல்வதிலும் பாதி பாதிதான் சரி. கணக்கில் "நகை" என்பது வழக்கம் என்றாலும் "பொன்" என்று எழுதிய கணக்கும் நான் பார்த்திருக்கிறேன். இறந்ததைச் சொல்ல மரியாதையான சொல்தான் வரும் என்பது சேதி சொல்லும் கடிதத்துக்குப் பொருந்தும், செலவுக் கணக்குக்குப் பொருந்தாது. இந்த இடத்தில் கறுப்பு மை தடவிய ஓரம், மஞ்சள் தடவிய மூலை என்று சேர்க்க ஆசை வரும். சேர்க்காதீர்கள். இது சேதிக் கடிதம் இல்லை, கணக்குக் கடிதம், இரண்டும் இருக்காது. போதாததற்குக் குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் எல்லா மூலையும் மஞ்சளாகத்தான் தெரியும்.

அடுத்து அவர்கள் பிடிக்க வேண்டியது பற்றுக் குறியை. பெரியவர் அதைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்வார். ௶ என்றால் பற்று, ௷ என்றால் வரவு. இங்கே தெளிவாகப் பற்று. "பாத்தீகளா, பற்று. பொன்னை வித்த காசுன்னா ஆத்தா கணக்குல வரவுல்ல ஆகணும்? பற்றுன்னா செலவு. செலவுன்னா கேதம்." கேட்பதற்கு முடிந்துபோன வழக்கு மாதிரி இருக்கும். ஆடிட்டர் ஆபீஸ் பெண் விடமாட்டாள். "யார் கணக்குல பற்று? மேற்படி கணக்குலன்னு இருக்கு. மேற்படின்னா யாரு?"

கொஞ்சம் மெதுவாகப் பார்ப்போம், கதையின் முதுகெலும்பே இதுதான். அண்ணன் ஊரில் ஆத்தாவின் பொன்னை விற்றுப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டார் என்றால், ரங்கூன் கடைக் கணக்கில் ஆத்தா பெயரில் 310 வரவு, அண்ணன் பெயரில் 310 பற்று. அண்ணன் அந்தப் பணத்துக்குக் கடன்பட்டவர் ஆகிறார். வீட்டுப் பெண்களின் பணத்தைக் கடையில் வட்டிக்குப் போட்டு வைப்பது சாதாரணம் என்பதால் ஆத்தாவுக்கு அங்கே ஒரு கணக்கு இருப்பதில் விசேஷமில்லை. மாறாக, ஆத்தா இறந்து அண்ணன் கைப்பணத்தைப் போட்டுக் காரியம் செய்தார் என்றால், அண்ணன் பெயரில் வரவு, ஆத்தா கணக்கில் பற்று. அப்படியே தலைகீழ். ஆகவே மேற்படி என்பது அண்ணனைக் குறித்தால் பொன், ஆத்தாவைக் குறித்தால் போன. ஒரு சொல்லைத் தீர்க்கப் போய் இன்னொரு சொல்லில் வந்து நிற்கிறார்கள்.

மேற்படி யார் என்பதில் என் அபிப்பிராயம் பெரியவர் பக்கம் சாயும். கடிதத்தை வாங்குகிறவரைக் குறிப்பதாக இருந்தால் "தங்கள் கணக்கில்" என்று மரியாதையாக எழுதியிருப்பார். அண்ணனை மேற்படி என்று சுருக்குவது எனக்கு இயல்பாகப் படவில்லை. அதனால் ஆத்தா கணக்கு, அதனால் செலவு. ஆனால் செலவு என்றாலே கேதச் செலவா? ஆத்தாவுக்குப் பொன் வாங்கிக் கொடுத்திருந்தாலும் அவள் கணக்கில் பற்றுதானே விழும்? அந்த வருஷத்தில் விற்றவர்கள்தான் அதிகம், ஏறின விலைக்கு யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். அது பொதுவாகச் சரி. ஒரு குறிப்பிட்ட வீட்டில் ஒரு குறிப்பிட்ட மாதம் என்ன நடந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஆக நான் பந்தயம் கட்ட வேண்டும் என்றால் "போன" என்பதில் கட்டுவேன், ஆனால் பெரிய தொகை கட்ட மாட்டேன்.

கடிதம் நேரில் இல்லை, படமாகத்தான் இருக்கிறது என்பதையும் பயன்படுத்துங்கள். நேரில் இருந்தால் காகிதத்தைத் திருப்பினால் போதும். கடைசியில் "ஆத்தாவுக்கு என் வணக்கம்" என்று இருந்தால் அவள் உயிரோடு இருக்கிறாள், கதை முடிந்தது. படம் எடுத்த அத்தை முன்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்பியிருக்கிறாள். கடிதம் இப்போது கானாடுகாத்தான் வீட்டுப் பெட்டியில். போன் போட்டுக் கேட்கலாமே என்று வாசகர் நினைப்பார். இரவு ரொம்ப நேரமாகிவிட்டது, அத்தை எடுக்கவில்லை. ஆனால் ரங்கூன் கடிதங்கள் பலவும் மெல்லிய தாளில் இருக்கும், பின்பக்க மை முன்பக்கம் ஊறித் தெரியும். இது ஒரு தொல்லை. ஊறிவந்த மைத்துளி முன்பக்க எழுத்தின் தலையில் விழுந்து புள்ளி மாதிரி நிற்கும். அந்த ன மேலேயே அப்படி ஒரு மங்கல் துளி இருக்கட்டும். பெண் அதைப் புள்ளி என்பாள். பெரியவர் மற்ற எழுத்தின் மை கறுப்பாக இருக்கிறது, இது சாம்பலாக இருக்கிறது, பின்பக்கத்திலிருந்து வந்தது என்பார். அதுதான் சரியான சோதனை. நானும் அப்படித்தான் பார்ப்பேன். கடிதத்தில் வேறு எங்குமே புள்ளி வைக்காதவர் இந்த ஒரு ன மேல் மட்டும் ஏன் வைத்தார் என்றும் கேட்பேன்.

அந்தத் தொல்லையே உதவியும் ஆகும். ஊறிவந்த எழுத்து இடவலம் மாறித் தெரியும். போனிலேயே படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி, வெளிச்சத்தைக் குறைத்து, கறுப்புவெள்ளை ஆக்கினால் பின்பக்கத்தில் சில சொற்கள் எழும்பி வரும். இதை நான் பலமுறை செய்திருக்கிறேன். பத்துச் சொல்லில் இரண்டு மூன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். வாட்ஸப்பில் வந்த படம் என்றால் அதுவும் குறையும், ஏனென்றால் படத்தைச் சுருக்கும்போது முதலில் போவது இந்த மங்கல் கோடுகள்தான். உங்கள் கதையில் ஒரே ஒரு சொல் கிடைக்கட்டும்: "ஆததாளுககு". அதற்கு அடுத்து மடிப்பு. ஆத்தாளுக்கு வணக்கமா, ஆத்தாளுக்குத் திவசமா, தெரியாது. ரயில் அப்போது கோட்டையூரைத் தாண்டிக்கொண்டிருக்கும். காரைக்குடிக்கு இன்னும் சில நிமிஷம்தான். எல்லாரும் பையை எடுக்க எழுந்துவிடுவார்கள்.

இப்போது நான் மாட்டிக்கொண்ட கதை. சில வருஷங்களுக்கு முன் ஒரு வீட்டார் மொய் ஏட்டின் படம் ஒன்றை அனுப்பினார்கள். ஒரு வரியில் "பெரிய வீடடு" என்று தொடங்கி, பிறகு நான் சொன்ன அதே நான்கு வடிவங்கள், பிறகு "கலியாணததுககு". நான் யோசிக்கவே இல்லை. "பெரிய வீட்டுப் போன கலியாணத்துக்கு", அதாவது முந்தின கல்யாணத்துக்கு எழுதிய மொய் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் அந்த "முந்தின கல்யாணம்" யாருடையது என்று இரண்டு மாதம் தேடினார்கள். எந்த ஏட்டிலும் இல்லை. கடைசியில் அந்த வீட்டுக்கு வந்த ஒரு முதியவர் ஏட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவுடனே, "பேரன் கலியாணத்துக்கு" என்று படித்தாராம். ஒற்றைக்கொம்பு, ப, ர, ன. நான் கால் என்று எடுத்ததை அவர் ரகரம் என்று எடுத்தார். கொம்பு நெடில், கடைசியில் வைக்காத புள்ளி. பேரன். அவர் படித்ததும் எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது. நான் அந்த வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் சிரித்தார்கள், ஆனால் அப்புறம் படம் அனுப்புவதில்லை.

அதனால் உங்கள் வரியிலும் மூன்றாவது வாசிப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது: ஆத்தா பேரன் வகையில். இது பலவீனமான வாசிப்புதான். அண்ணன் தம்பிக்குள் எழுதிக்கொள்ளும்போது பையனின் பெயரைச் சொல்வார்கள், "ஆத்தா பேரன்" என்று சுற்றிவளைக்க மாட்டார்கள். ஆனாலும் முடியாத வாசிப்பு இல்லை. பர்மாவில் ஒன்று, ஊரில் ஒன்று என்று பேரன்கள் இருந்து, ஆத்தா கூடவே வைத்து வளர்த்த ஒருத்தனை மட்டும் அப்படிச் சொல்லும் வீடாகவும் இருக்கலாம். கதையில் இருவரும் இதைக் கவனிக்க வேண்டாம் என்பது என் யோசனை. தங்கமா சாவா என்று இருவர் முட்டிக்கொண்டிருக்க, மூன்றாவது ஒன்று அவர்கள் கண் முன்னாலேயே இருப்பது பழைய எழுத்து தெரிந்த வாசகருக்கு மட்டும் தெரிந்தால் போதும். பெரியவர் தெரிந்தவர்தானே, அவர் எப்படித் தவறவிட்டார் என்று யாராவது கேட்டால் என்னைக் காட்டுங்கள்.

யார் சரி என்று காட்ட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அத்தை காலையில் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, அதில் விடை இருப்பதாக முடித்தால், அத்தனை நேரம் அவர்கள் செய்த வேலை வீண்வேலை ஆகிவிடும். இன்னொன்று, பெரியவருக்கு ஒரு சொந்தச் சோகம் வைக்காதீர்கள். தன் அம்மா இறந்தபோது மலேசியாவில் இருந்தார், அதனால்தான் "போன" என்று படிக்கிறார் என்று எழுதிவிட்டால், அவர் வாசிப்பு நோய்க்குறி மாதிரி ஆகிவிடும். அவர் நாற்பது வருஷம் கணக்கு எழுதிய கண்ணால் படிக்கிறார். அது போதுமான காரணம். பெண்ணின் ஆயா சொன்ன பொன் கதை மட்டும் இருக்கட்டும், அதையும் ஒரு முறைக்கு மேல் சொல்ல வேண்டாம்.

கடைசியாக ஒரு அச்சுச் சிக்கல். இந்தப் பதிலிலேயே நான் அதில் தோற்றுவிட்டேன், கவனித்தீர்களா? மேலே கடித வரியைத் தட்டச்சு செய்தபோது "பொன" என்று போட வேண்டியதாயிற்று. கீபோர்டில் ஒற்றைக்கொம்பு என்றால் குறில், இரட்டைக்கொம்பு என்றால் நெடில்; கால் வேறு, ரகரம் வேறு. எதை அழுத்தினாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறேன். எழுதியவருக்கு இல்லாத தெளிவை நாம் அவர் தலையில் கட்டுகிறோம். நீங்கள் "பொன" என்று அச்சில் விட்டால் வாசகர் பெண்ணின் பக்கம் போய்விடுவார். அதோடு, பத்திரிகையில் பிழை திருத்துகிறவர் அதைப் பார்த்து, பாவம், அக்கறையாக "போன" என்று திருத்தியும் வைத்துவிடுவார், கதை முதல் பக்கத்திலேயே செத்துவிடும். ஆகவே கதையில் அந்தச் சொல்லை எங்கேயும் எழுதாதீர்கள். கடித வரி வரும் இடத்தில் அந்த இடத்தைக் கோடாக விட்டுவிட்டு, பெரியவர் போன் திரையில் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படிப்பதாக வையுங்கள்: "ஒத்தக் கொம்பு, பானா, காலு, ரெண்டு சுழி னானா." வாசகர் தானே ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கட்டும்.